இதை எதில் போடுவது

குணசேகரன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். வேலை பார்த்தவர்களை எல்லாம் இப்படிச் சொல்வது வழக்கம்தான் என்றாலும், இவர் விஷயத்தில் அது அட்சர சுத்தமான உண்மை. ஸ்டோர்ஸ் பிரிவில் கழிவு இரும்பு யார்டு அவர் பொறுப்பில் இருந்தது. வார்ப்பிரும்பு ஒரு தொட்டி, பித்தளை ஒரு தொட்டி, எண்ணெய் துடைத்த பஞ்சு இன்னொரு தொட்டி. மாற்றிப் போட்டவன் மறுநாள் அந்தப் பக்கம் வரப் பயப்படுவான். முப்பத்தாறு வருஷத்தில் எதை எதில் போடுவது என்ற சந்தேகம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சந்தேகமெல்லாம் ரிடையர் ஆன பிறகுதான் வந்தது. அதுவும் கொண்டாப்பூரில், எல்லாரும் எம்.டெக்கும் எம்.பி.ஏ.வுமாகப் படித்துக் கிழித்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில்.

மகள் ஷோபா சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். லோன் போட்டு இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கி அப்பாவையும் அழைத்துக்கொண்டாள். மனைவி போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஐந்து மாடி, நாற்பது வீடு. நாற்பது வீட்டிலும் பகலில் ஆண்பிள்ளை என்று இருந்தது குணசேகரன் ஒருவர். அதனால் சங்கக் கூட்டம் ஒன்றின் நடுவே அவர் பாத்ரூம் போய்விட்டுத் திரும்பியபோது செயலாளர் ஆகியிருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்கு என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, அவரும் சேர்ந்து தட்டினார்.

இது 2012ஆம் வருஷம். அந்த ஜூலை மழையில் குப்பைப் பிரச்சினை வெடித்தது. அதுவரை நடைமுறை எளிது. வீட்டுக்கு வீடு கறுப்புக் கவரில் எல்லாவற்றையும் போட்டு முடிச்சுப் போட்டு வாசலில் வைப்பார்கள். செல்லம்மா என்று ஒருத்தி, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, இந்தக் கட்டடம் கட்டும்போது சித்தாள் வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவள், மாடி மாடியாக ஏறி எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் சேர்த்துக் கீழே கொண்டுவருவாள். ரிக்‌ஷாக்காரர் அள்ளிக்கொண்டு போய்த் தெருமுனைத் தொட்டியில் தட்டிவிடுவார். மழையில் தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்து, கடைசியில் முனிசிபாலிட்டிக்காரர்கள் தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரிக்‌ஷாக்காரர் இனி பாதிக் குப்பைதான் எடுப்பேன் என்று கையை விரித்தார். மீதிப் பாதி கார் பார்க்கிங்கில் நாற ஆரம்பித்தது.

மூன்றாவது மாடி லக்ஷ்மிநாராயணன் பாங்க் அதிகாரி. எந்தப் பிரச்சினைக்கும் ஒரு கான்ட்ராக்டரைத் தெரிந்து வைத்திருப்பவர். மொத்தத்தையும் ஓர் ஆளிடம் விட்டுவிடலாம், அவன் தன் ஆட்களை வைத்து அள்ளிக்கொண்டு போவான், எங்கே போகிறது என்று நமக்கு என்ன கவலை என்றார். அப்படிச் செய்தால் செல்லம்மாவுக்கு வேலையும் போகும், மோட்டார் ரூமை ஒட்டி அவள் இருந்த அறையும் போகும். அதை அவர் சொல்லவில்லை. குணசேகரனுக்குக் கணக்குப் புரிந்தது.

அந்த வாரமே பார்க்கிங்கில் நாற்காலி போட்டு அவர் பேசினார். வீட்டிலேயே இரண்டாகப் பிரியுங்கள் என்றார். காய்கறித் தோல், மிச்சம் மீதி, வாடின பூ எல்லாம் பச்சை வாளி. காகிதம், பிளாஸ்டிக், பாட்டில் எல்லாம் நீல வாளி. பச்சையில் விழுவது ஜெனரேட்டருக்குப் பின்னால் கட்டப்போகும் இரண்டு குழிகளில் மக்கிவிடும். நீலத்தில் விழுவதைச் சனிக்கிழமைதோறும் பழைய பேப்பர்க்காரர் யூசுஃப் பாய் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வார். ரிக்‌ஷாவுக்கு மிஞ்சுவது கைப்பிடி அளவு.

எதிர்ப்பு பலமாக இருந்தது. கிச்சனில் ஒரு வாளி வைக்கவே இடமில்லை என்றார்கள். வேலைக்காரம்மா கேட்க மாட்டாள் என்றார்கள். மெயின்டனன்ஸ் கட்டுவதே இதையெல்லாம் நினைக்காமல் இருக்கத்தான் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னார். நாம் என்னதான் பிரித்தாலும் கடைசியில் லாரியில் ஒன்றாகத்தானே கலக்கிறான் என்றார் லக்ஷ்மிநாராயணன், அதற்குப் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

குணசேகரன் விடவில்லை. லாரிக்கே போகாத குப்பையை லாரி எப்படிக் கலக்கும் என்று கேட்டார். வெங்காயத் தோலை எப்படியும் ஒரு தடவை கையால் எடுத்துத்தான் போடுகிறீர்கள், கை இந்தப் பக்கம் போவதற்குப் பதில் அந்தப் பக்கம் போகட்டும், அதற்குமேல் ஒரு வேலையும் இல்லை என்றார். வேலை என்று இருப்பது கலந்த பிறகுதான். கலந்ததைப் பிரிக்க ஒரு மனுஷி அதில் கை விட வேண்டும் என்றார். இரண்டு மாசம் பார்ப்போம், செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஓட்டுக்கு விடுவோம் என்று முடிவாயிற்று. செல்லம்மாவைக் கூப்பிட்டு, நீ ஒன்றும் பயப்படாதே, வேலை எங்கேயும் போகாது என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு உத்தரவு போட்டார். வீட்டுக்காரர்களுக்கு எழுதியது: கறுப்புக் கவர் கூடாது, பச்சை வாளிக்கு அடியில் செய்தித்தாள் விரித்துக்கொள்ளவும், எதையும் சுற்ற வேண்டுமானால் காகிதத்தில் சுற்றவும். செல்லம்மாவுக்கு வாயால் சொன்னது: நீல டிரம்மில் வருகிற காகிதத்தை எல்லாம் பிரித்து, தட்டி, அடுக்கி வை, கசங்கினதை யூசுஃப் பாய் எடுக்க மாட்டார்.

பச்சை வாளி ஒழுங்காக நடந்தது. குழியில் ஓர் அடுக்குத் தோல், ஓர் அடுக்குக் காய்ந்த இலை என்று போட்டு, நடுநடுவே கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டார்கள். ஒரு மாசத்தில் வாசனை மழை பெய்த மண் மாதிரி ஆகிவிட்டது. சிக்கல் யாரும் எதிர்பார்க்காத நீல டிரம்மில் வந்தது. மூன்றாவது சனிக்கிழமை யூசுஃப் பாய் மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“நக்கோ சாப்” என்றார். வேண்டாமாம்.

“கைக்கு?” என்று அவர் உருதுவிலேயே குணசேகரன் காரணம் கேட்டார். ஏன், எதற்கு, என்ன குறை என்று உருதுவிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கேட்டார். யூசுஃப் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, அட்டைப் பெட்டிகளை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அட்டைப் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

குணசேகரனுக்குத் தலை கால் புரியவில்லை. வாட்ச்மேனைக் கேட்டார், அவன் வானத்தைப் பார்த்தான். லிஃப்ட் அருகில் நின்ற பெண்களைக் கேட்டார்; அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கரண்ட் கட் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஷோபாவைக் கேட்டார். “விடுங்கப்பா, லீவ் இட்” என்று லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். செல்லம்மா முன்பெல்லாம் நின்று பேசுவாள், இப்போது அவரைக் கண்டால் வேறு பக்கமாகப் போனாள். ஒருநாள் அவராகவே போய்க் கேட்டதற்கு, “நான் வேலைய வுட்டுடறேன் சார். கான்ட்ராக்டே குடுத்துடுங்க” என்றாள். யாருக்காக இந்தப் பாடுபட்டாரோ அவளே வேண்டாம் என்கிறாள். இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, சுத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று அவராக ஒரு முடிவுக்கு வந்தார். புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: எந்தப் பொருளையும் நன்றாக, இறுக்கமாகக் காகிதத்தில் சுற்றியே போடவும். நிலைமை இன்னும் மோசமாயிற்று. மனிதர் நல்லவர். நல்லவர்கள் தப்பு செய்தால் கையெழுத்துப் போட்டுத்தான் செய்வார்கள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. செல்லம்மா ரேஷனுக்குப் போயிருந்தாள். யூசுஃப் பாய் வருவதற்குள் இன்று நானே பார்த்துவிடுகிறேன் என்று குணசேகரன் தார்ப்பாயை விரித்து நீல டிரம்மைக் கவிழ்த்தார். கழுவிய பால் கவர்கள், ஷாம்பு பாட்டில்கள், பிட்சா அட்டை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவே சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஆங்கிலப் பேப்பரிலும் தெலுங்குப் பேப்பரிலும், அவர் நோட்டீஸில் சொன்னபடியே நன்றாக, இறுக்கமாகச் சுற்றியவை. இருபது முப்பது இருக்கும். என்ன பொருள் இது இத்தனை பத்திரமாக என்று முதல் பொட்டலத்தைப் பிரித்தார். குழந்தையின் டயப்பர். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டாவதைப் பிரித்தார்.

சட்டென்று மூடினார். கையில் ரத்தக்கறை ஒட்டியிருந்தது.

மூன்றாவதைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. ஜெனரேட்டர் மேடையில் உட்கார்ந்துவிட்டார். ஈ மொய்த்தது. இவற்றைப் பச்சையில் போட முடியாது, மக்காது. கறுப்புக் கவர் கூடாதென்று இவரே சொல்லிவிட்டார். காகிதத்தில் சுற்றச் சொன்னதும் இவர். காகிதம் நீலத்தில் என்று சொன்னதும் இவர். நீலத்தில் வரும் காகிதத்தை எல்லாம் பிரித்துத் தட்டி அடுக்கு என்று செல்லம்மாவிடம் சொன்னதும் இவரேதான். முன்பு முடிச்சுப் போட்ட கவரை முடிச்சோடு கொட்டியவள், இந்த இரண்டு மாசமாக நாற்பது வீட்டுப் பொட்டலத்தையும் வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறாள். வாங்கிக் கொடுத்த கையுறை முதல் வாரமே கிழிந்துவிட்டது. இன்னொரு ஜோடி வாங்க இவருக்குத் தோன்றவில்லை.

செல்லம்மா பையோடு வந்தவள், தார்ப்பாயைப் பார்த்ததும் அப்படியே நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எத்தனை நாளா இப்படி?” என்றார்.

“நீங்க பேப்பரப் பிரிக்கச் சொன்ன நாள்லேருந்து சார்.”

“என்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“எப்படி சார் சொல்றது?” என்றாள் செல்லம்மா. கோபமே இல்லாத குரல். அது அவருக்கு இன்னும் வலித்தது.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு நின்றபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. லாலாகுடா குவார்ட்டர்ஸ். ஷோபாவுக்குப் பதினாலு வயசு. மாசத்தில் சில நாள் இருட்டும் நேரம் பார்த்து ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு சந்துமுனை வரை போய் வருவாள். ஒருநாள் இவர் வழிமறித்தார். பையில் என்ன, காட்டு என்றார். அவள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு காட்ட மாட்டேன் என்றாள். அம்மா இல்லாத பெண் கெட்டுப்போகிறது என்ற பயம் அவருக்கு. கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து, விடுங்கண்ணா, பொம்பளைப் பிள்ளை விஷயம் என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனாள். புரிந்த மாதிரி தலையாட்டினார். சந்துமுனையில் என்ன இருந்தது? முனிசிபாலிட்டி குப்பைத்தொட்டி இருந்தது. அறுபத்திரண்டு வயசில், ஜெனரேட்டர் பக்கத்தில் ஈரக் கையோடு நின்றுகொண்டு, குணசேகரன் இப்போதுதான் அதைப் புரிந்துகொண்டார். அழுகை வந்தது. அழுதார்.

சாயங்காலம் ஷோபா டீ போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். வாயில் வந்தது வேறு.

“இந்தச் சாமானை எல்லாம் எதுலம்மா போடறது?”

எந்தச் சாமான் என்று அவள் கேட்கவில்லை. “அதான்பா யாருக்கும் தெரியலை. க்ரீன்லயும் போட முடியாது, ப்ளூலயும் போட முடியாது. உங்க நோட்டீஸ்ல ரெண்டு டப்பாதானே இருக்கு? மீட்டிங்ல அம்பது பேர் முன்னாடி யார் எந்திரிச்சுக் கேக்கறது?”

“லாலாகுடால அந்தப் பை…” என்று ஆரம்பித்தார்.

ஷோபா அடுப்பைச் சின்னதாக்கினாள். “ஹவ்” என்று லாலாகுடா உருதுவில் ஆமாம் சொன்னாள். “அதேதான்.”

டீ பொங்கி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. லக்ஷ்மிநாராயணன் கான்ட்ராக்டரின் காகிதத்தோடு வந்திருந்தார். இரண்டு மாசம் எல்லாரும் சிரமப்பட்டாகிவிட்டது, பழைய பேப்பர்க்காரரே தொட மாட்டேன் என்கிறார், இது படித்தவர்கள் வீட்டில் நடக்கிற காரியமில்லை என்று அழகாகப் பேசினார். கை தட்டல் விழுந்தது. செல்லம்மா தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணசேகரன் எழுந்தார். அவருக்கு நாலு பாஷை தெரியும். நாலிலும் இந்தச் சொல்லை அவர் வாய் உச்சரித்ததில்லை. எந்தப் பாஷையில் ஆரம்பிப்பது என்று குழம்பி, குழந்தைகளின் டயப்பரில் ஆரம்பித்தார். அது சுலபம், எல்லாரும் சிரித்தார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்கள் மாசம் உபயோகிக்கும் நாப்கின் என்றார். சிரிப்பு நின்றது. இதெல்லாம் லேடீஸ் இருக்கிற இடத்தில் பேசுகிற விஷயமா சார் என்று பின்னால் ஒரு குரல் வந்தது. லேடீஸ் இருக்கிற இடத்தில்தானே இது இருக்கிறது, பிறகு எங்கே போய்ப் பேசுவது என்று அவர் உண்மையாகவே குழம்பிக் கேட்டார். கேலிக்காகக் கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். அந்தக் குழப்பத்தைப் பார்த்து, கேட்டவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“நான் காகிதத்துல சுத்தச் சொன்னேன், நீங்க சுத்தினீங்க. நான் காகிதத்தைப் பிரிக்கச் சொன்னேன், இந்தம்மா பிரிச்சாங்க. ரெண்டு மாசமா நம்ம எல்லார் வீட்டுதும் இவங்க கையில பட்டிருக்கு. தப்பு என்னுது. செல்லம்மா, என்னை மன்னிச்சிடும்மா.” இதைத் தமிழில் சொல்லிவிட்டார். பிறகு தெலுங்கில் சொன்னார்.

வழியும் சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட உதிரிப் பாகத்தின் மேல் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அதை யாரும் எடுத்து மாட்ட மாட்டார்கள். அதேபோல நாப்கின், டயப்பர், காயத்துக் கட்டு எல்லாம் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. மூன்றாவதாக மூடி போட்ட ஒரு வாளி. பச்சையிலும் சேராது, நீலத்திலும் சேராது. கோடு போட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. மூடின வாளி மூடினபடி ரிக்‌ஷாவுக்குப் போகும். ஷேவிங் பிளேடு எதில் என்று ஓர் இளைஞன் கேட்டான். அதுவும் இதில்தான், அட்டையில் மடித்துக் கோடு போட்டு, என்றார். ஆண்பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வந்ததும் கூட்டம் கொஞ்சம் மூச்சு விட்டது.

ஓட்டு என்றதும் முதலில் உயர்ந்தது லக்ஷ்மிநாராயணனின் மனைவியின் கை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமலே தூக்கினாள். பின்னாலேயே புடவைக் கைகளும் சுரிதார்க் கைகளுமாக எழும்பின. ஆண்கள் மனைவிகளின் கையைப் பார்த்து, யோசித்து, தாங்களும் தூக்கினார்கள். எண்ண வேண்டிய தேவையே வரவில்லை.

கை தட்டி ஓய்ந்ததும் தூணோரத்திலிருந்து செல்லம்மா பேசினாள்.

“அந்த மூணாவது வாளிய யாரு சார் தூக்கறது?”

யாரும் அவளை எதிர்பார்க்கவில்லை. சரியான கேள்வி. இத்தனை பேச்சிலும் அவருக்கு அது தோன்றவே இல்லை.

“நான் தூக்கறேன்” என்றார் குணசேகரன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புதுக் கையுறையும் மூடி போட்ட சிவப்பு வாளியுமாக ஐந்தாவது மாடியிலிருந்து தொடங்கினார். செல்லம்மா அவருக்கு முன்னால் பச்சையும் நீலமும் வாங்கிக்கொண்டு போனாள், அவளுக்கும் புதுக் கையுறை. கதவுகள் திறந்தன. பெண்கள் அவளிடம் இரண்டு வாளியையும் கொடுத்தார்கள், பின்னால் நின்ற இவரைப் பார்த்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். நேற்றுக் கை தூக்கியவர்கள்தான் எல்லாரும். ஐந்தாவது மாடி முடிந்தது, நாலாவதும் முடிந்தது. மூன்றாவதில் லக்ஷ்மிநாராயணனின் மனைவி முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு நின்று, தயங்கி, உள்ளே போய்விட்டாள். வாளி காலி. ஒரு பொட்டலம்கூட இல்லை. மனசு மாறிவிட்டார்களா, நான் ஆண்பிள்ளை தூக்குவதுதான் தப்பா, செல்லம்மா கையிலேயே கொடுத்திருக்க வேண்டுமா என்று ஒன்றும் விளங்காமல் இரண்டாவது மாடிக்கு இறங்கினார்.

அவர் வீட்டு வாசலில் ஷோபா ஷூ மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பி நின்றாள். அப்பாவையும் காலி வாளியையும் பார்த்தாள். மேலே படி வளைவில் லக்ஷ்மிநாராயணனின் மனைவி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். தோளிலிருந்த லேப்டாப் பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு சின்னப் பொட்டலம், மேலே சிவப்புப் பேனாவில் கோணலாக ஒரு கோடு. எதிலும் மறைக்காமல் அதை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

குணசேகரனுக்குக் கையை நீட்டுவதா வாளியை நீட்டுவதா என்று தெரியவில்லை. கை தானாகவே நீண்டு வாங்கிக்கொண்டது.

“ஷோபா, அன்னிக்கு அந்தப் பையைக் கேட்டு நான் உன்னை அடிச்சது தப்பும்மா.”

“தெரியும்பா” என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. “மூடியைத் திறங்க. மேல ஆன்ட்டி வெயிட் பண்றாங்க.”

மேலே படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. குணசேகரன் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.